ஒரே 12 எண்கள், மூன்று மரங்கள்: தேர்வுத் தாளில் பி-ட்ரீயின் கணு உடையும் விதம்

டேட்டாபேஸ் தேர்வில் இண்டெக்ஸ் பாடத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “கீழ்க்காணும் எண்களை வரிசையாகச் சேர்த்து, ஆர்டர் 4 உள்ள பி-ட்ரீயை வரைக. ஒவ்வொரு படியையும் காட்டுக.” பி-ட்ரீ என்பது எண்களைத் தேட வசதியாக வரிசைப்படுத்தி வைக்கும் மரம். எண்கள் அமரும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு, உச்சியில் இருப்பது வேர், அடியில் இருப்பவை இலைகள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் மாணவர்கள் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் மரத்தின் வேரில் 31 மட்டும் இருக்கும். இன்னொருவர் வேரில் 29, 42, 63 என்று மூன்று எண்கள் இருக்கும். ஒருவர் மரம் மூன்று அடுக்கு, மற்றவருடையது இரண்டு. இரண்டு பேரில் யாரோ ஒருவர் தப்பு என்று முடிவுகட்டி ஒருவர் முகம் வாடும். இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு என்பது அங்கே யாருக்கும் தோன்றாது.

எப்படி என்று தாளிலேயே போட்டுப் பார்ப்போம். நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

```
42, 17, 63, 8, 55, 29, 71, 36, 12, 48, 33, 31
```

முதலில் ‘ஆர்டர் 4’ என்றால் என்ன என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். இதை அலட்சியமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நம் பாடநூல்களில் பெரும்பாலும் ஆர்டர் என்பது ஒரு கணுவுக்கு இருக்கக்கூடிய பிள்ளைகளின் உச்ச எண்ணிக்கை. ஆர்டர் 4 என்றால் 4 பிள்ளைகள், அதாவது ஒரு கணுவில் அதிகபட்சம் 3 எண்கள். பிள்ளைகள் எப்போதும் எண்களைவிட ஒன்று கூடுதல், ஏனென்றால் எண்கள் வேலிக் கற்கள், பிள்ளைகள் அவற்றுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் கிடக்கும் மனைகள். வேரையும் இலைகளையும் தவிர்த்த எந்தக் கணுவும் 2 பிள்ளைகளுக்குக் குறையக் கூடாது, அதாவது குறைந்தது 1 எண்ணாவது இருக்க வேண்டும், இலைக்கும் அதே 1 எண்தான் குறைந்தபட்சம்.

ஆனால் இந்த அமைப்பை உருவாக்கிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் இப்படி எண்ணவில்லை. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவர்கள் இதை எழுதினார்கள், 1972-இல் ஆய்விதழில் வெளியானது. அவர்கள் கணக்கில் k என்பது ஒரு கணுவில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்கள், உச்சம் 2k. அந்த வழியைப் பின்பற்றும் நூல்களில் ‘ஆர்டர் 4’ என்றால் ஒரு கணுவில் 4 முதல் 8 எண்கள் வரை. அப்படிப் படித்தால் நம் 12 எண்களுக்கு ஒரே ஒரு முறைதான் கணு உடையும், ஒன்பதாவது எண்ணான 12 வரும்போது. மூன்றே கணுக்களோடு விடை முடிந்துவிடும். ஆகவே தாளில் முதல் வரியாக “ஆர்டர் 4 = உச்சம் 4 பிள்ளைகள், 3 எண்கள்” என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் புத்திசாலித்தனம். திருத்துகிறவர் வேறு நூலில் படித்தவராக இருந்தாலும் நீங்கள் எந்தக் கணக்கில் போகிறீர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

இனி எண்களைச் சேர்க்கலாம். 42, 17, 63 மூன்றும் ஒரே கணுவில் வரிசையாக அமர்ந்துவிடும்: `[17 42 63]`. கணு நிறைந்துவிட்டது, ஆனால் உடையவில்லை. நிறைவது வேறு, நிரம்பி வழிவது வேறு. அடுத்து 8 வருகிறது. தாளில் வேலை செய்யும்போது அதையும் சேர்த்துத் தற்காலிகமாக நான்கு எண்கள் உள்ள கணு ஒன்றை எழுதுங்கள்: `[8 17 42 63]`. இது சட்டப்படி இருக்கக் கூடாத கணு. நடு எண் மேலே போக வேண்டும், மீதி இரண்டாகப் பிரிய வேண்டும்.

இங்கேதான் முதல் குழி. நான்கு எண்களில் நடு எண் எது? 17-ஆ, 42-ஆ? பேயரும் மெக்ரைட்டும் சொன்ன 2k கணக்கில் வழியும் கணுவில் எப்போதும் 2k+1 எண்கள், ஒற்றைப்படை, அதனால் நடு எண் ஒன்றே ஒன்று. ஆர்டர் 3, 5, 7 என்று கேட்டாலும் இதே நிம்மதி. ஆர்டர் இரட்டைப்படையாக இருக்கும்போதுதான் நடுவில் இரண்டு எண்கள் நிற்கின்றன. 17-ஐ ஏற்றினால் இடப்பக்கம் 1 எண், வலப்பக்கம் 2. 42-ஐ ஏற்றினால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1. இரண்டிலும் குறைந்தபட்சம் 1 என்ற விதி மீறப்படவில்லை. எனவே இரண்டும் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி எண் வரை அதையே கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவே.

முதலில் இரண்டாவது எண்ணை ஏற்றும் வழியில் போகிறேன். 17 மேலே போய்ப் புதிய வேராகிறது. பி-ட்ரீ வளர்வது எப்போதும் இப்படித்தான், வேர்ப்பக்கமாக மேல்நோக்கி. எல்லா இலைகளும் ஒரே மட்டத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்: எந்த ஒரு கிளையும் தனியாகக் கீழே இறங்குவதில்லை, வேர் உடையும்போது மரம் முழுவதும் ஒரு படி தாழ்கிறது.

55 வலது இலைக்குப் போய் `[42 55 63]` ஆகிறது. 29 வரும்போது அது மறுபடி வழிகிறது: `[29 42 55 63]`. இரண்டாவது எண் 42 மேலே. 71, 36, 12 மூன்றும் இடம் இருக்கிற இலைகளில் சிரமமில்லாமல் அமர்கின்றன. 48 வரும்போது கடைசி இலை `[48 55 63 71]` ஆகி, 55 மேலே போகிறது. இந்த இடத்தில் மரம் இப்படி இருக்கிறது:

```
          [17 42 55]
 [8 12] [29 36] [48] [63 71]
```

வேர் நிறைந்துவிட்டது. இனி எந்த இலை உடைந்தாலும் வேரும் உடையும். 33 வந்து `[29 33 36]` ஆகிறது, இன்னும் தாங்குகிறது. கடைசியாக 31. இலை `[29 31 33 36]`. இரண்டாவது எண்ணை ஏற்ற வேண்டும், அது இப்போதுதான் வந்த 31. தற்காலிகமாக வேரில் நான்கு எண்கள், அதன் கீழே ஐந்து பிள்ளைகள்:

```
            [17 31 42 55]
 [8 12] [29] [33 36] [48] [63 71]
```

இந்தத் தற்காலிகப் படத்தை வரையாமல் நேராக இறுதிப் படத்துக்குத் தாவுகிறவர்கள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் தடுமாறுகிறார்கள். எண்களைப் பிரிப்பது அவர்களுக்குத் தெரியும். ஐந்து பிள்ளைகளில் யார் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் கை நடுங்கும். படம் முன்னால் இருந்தால் இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. மேலே போகும் 31-க்கு இடப்பக்கம் உள்ள பிள்ளைகள் `[8 12]`, `[29]` இரண்டும் இடது கணுவுக்கு. வலப்பக்கம் உள்ள மூன்றும் வலது கணுவுக்கு. 31-ஐ ஒட்டி நின்ற கோட்டின் மேல் கத்தரிக்கோலை வைத்து நேராக வெட்டியது போல:

```
             [31]
     [17]          [42 55]
 [8 12] [29]  [33 36] [48] [63 71]
```

கடைசியாக உள்ளே வந்த எண் ஒரே நடையில் இலையிலிருந்து வேர் வரை ஏறிவிட்டது. பலருக்கு இது சந்தேகத்தைக் கிளப்பும், “இப்போது சேர்த்த எண் எப்படி உடனே வேராகும், எங்கோ தப்பு” என்று அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். தப்பில்லை. எண் எப்போது வந்தது என்பதைக் கணு பார்ப்பதில்லை, வரிசையில் அதன் இடத்தை மட்டுமே பார்க்கிறது.

இப்போது அதே எண்கள், அதே ஆர்டர், ஆனால் வழியும்போது மூன்றாவது எண்ணை ஏற்றுகிறோம். `[8 17 42 63]`-இல் இப்போது 42 மேலே போகிறது. 55 வலப்பக்கம், 29 இடப்பக்கம், 71 வலப்பக்கம். 36 வரும்போது இடது இலை `[8 17 29 36]`, 29 மேலே. 12 தொல்லையில்லாமல் அமர்கிறது. 48 வரும்போது `[48 55 63 71]`, 63 மேலே. பிறகு 33, 31 இரண்டும் 36 தனியாக இருந்த இலைக்குப் போய் அதை நிறைக்கின்றன, வழியச் செய்வதில்லை:

```
          [29 42 63]
 [8 12 17] [31 33 36] [48 55] [71]
```

இரண்டே அடுக்கு. ஆர்டர் 4 மரத்தில் இரண்டு அடுக்குக்குள் அதிகபட்சம் 15 எண்கள் கொள்ளும், வேரில் 3, நான்கு இலைகளில் 12. நம் 12 எண்கள் அதற்குள் அடங்கக்கூடியவைதான். முதல் வழியில் அடங்கவில்லை, இரண்டாவதில் அடங்கிவிட்டது. இரண்டாவது வழி எப்போதும் குள்ளமான மரத்தைத் தரும் என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எண்கள் வரும் வரிசையை மாற்றினால் நிலைமை தலைகீழாகலாம்.

மூன்றாவது மரம் வேறொரு வகுப்பறையிலிருந்து வருகிறது. அல்காரிதம் பாடத்தில் பி-ட்ரீ படித்தவர்களுக்கு வேறு பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: வேரிலிருந்து இறங்கும்போதே வழியில் நிறைந்த கணு எது எதிர்ப்பட்டாலும் அதை உடைத்துவிட்டுத்தான் கீழே போவது. வழிந்த பிறகு உடைப்பதல்ல, வழியும் முன்பே உடைப்பது. இதில் ஒரு வசதி உண்டு, கீழே போன பிறகு மேலே திரும்பி வர வேண்டியதில்லை. நிறைந்த கணுவில் இருப்பது 3 எண்கள் என்பதால் நடு எண் எது என்ற சண்டையும் இல்லை.

அந்த முறையில் போட்டால், 8 வரும்போது வேர் `[17 42 63]` நிறைந்து நிற்கிறது. முதலில் அதை உடைத்து 42-ஐ ஏற்றி, பிறகு 8-ஐ 17-க்குப் பக்கத்தில் வைக்கிறோம். 36 வரும்போது `[8 17 29]`-ஐ உடைத்து 17-ஐ ஏற்றுகிறோம். 48 வரும்போது `[55 63 71]`-ஐ உடைத்து 63-ஐ ஏற்றுகிறோம். வேர் இப்போது `[17 42 63]`, நிறைந்துவிட்டது. அடுத்து 33 வருகிறது. அது போய்ச் சேரும் இலை `[29 36]`-இல் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் இறங்கும் வழியில் நிறைந்த வேர் நிற்பதால் அதை உடைத்தே ஆக வேண்டும். மரம் மூன்று அடுக்காகிறது, உண்மையில் அப்போது அதற்குத் தேவையே இல்லாதபோதும். 31 வரும்போது `[29 33 36]` உடைந்து 33 ஏறுகிறது:

```
                 [42]
      [17 33]            [63]
 [8 12] [29 31] [36]  [48 55] [71]
```

மூன்று மரம், மூன்று வேர்: 31, பிறகு 29-42-63, பிறகு 42. மூன்றுமே ஆர்டர் 4 விதிகளுக்குள் நிற்கின்றன. முன்கூட்டியே உடைக்கும் இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்டர் 5 கேள்விக்கு இதைப் போட முடியாது. அங்கே நிறைந்த கணுவில் 4 எண்கள். ஒன்றை மேலே அனுப்பினால் மீதி 3, அதை ஒரு பக்கம் 1, ஒரு பக்கம் 2 என்றுதான் பிரிக்க முடியும். ஆர்டர் 5-இல் குறைந்தபட்சம் 2 எண்கள் வேண்டும். விதி உடைந்துவிடும். எனவே ஒற்றைப்படை ஆர்டர் என்று பார்த்தவுடன் வழிந்த பிறகு உடைக்கும் முறைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வியில் ‘பி-ட்ரீ’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் குறி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸ் தாளில் பி பிளஸ் மரம்தான் அதிகம் கேட்கப்படும். அதில் எல்லா எண்களும் இலைகளில் இருந்தாக வேண்டும், மேலே இருப்பவை வழிகாட்டிப் பலகைகள் மட்டுமே. அதனால் இலை உடையும்போது எண் மேலே *போவதில்லை*, அதன் நகல் மட்டும் போகிறது. அதே `[8 17 42 63]` உடையும்போது இலைகள் `[8 17]`, `[42 63]` ஆகின்றன. மேலே 42 எழுதப்படுகிறது, கீழேயும் 42 இருக்கிறது. ஆனால் இதே மரத்தில் மேல்கணு ஒன்று உடைந்தால் நகல் கிடையாது, பழைய பி-ட்ரீ போலவே நடு எண் கீழிருந்து நீங்கி மேலே போய்விடும். இலையில் நகல், மேலே நகர்வு. இதை மாற்றிப் போட்டவர் தாளைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்: இலைகளை இடமிருந்து வலமாக வாசித்தால் ஏதோ ஒரு எண் காணாமல் போயிருக்கும், அல்லது மேல் அடுக்குகளில் ஒரே எண் இரண்டு முறை உட்கார்ந்திருக்கும்.

சொந்த விடையைச் சரிபார்க்க நான் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. எண்கள் வரிசையாக வருகின்றனவா, இலைகள் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு, எத்தனை முறை உடைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கணு உடைந்தால் கணுக்களின் எண்ணிக்கை ஒன்று கூடும். வேர் உடைந்தால் இரண்டு கூடும், புதிய வேர் ஒன்றும் சேர்வதால். ஆரம்பத்தில் ஒரு கணு. ஆக, இறுதியில் உள்ள கணுக்கள் = உடைப்புகள் + அடுக்குகள். நம் முதல் மரத்தில் 8, 29, 48 வந்தபோது தலா ஒன்று, 31 வந்தபோது இலையும் வேரும் என இரண்டு, மொத்தம் 5 உடைப்புகள், 3 அடுக்குகள், 8 கணுக்கள். படத்தில் எண்ணிப் பாருங்கள், 8 இருக்கும். இரண்டாவது மரத்தில் 3 உடைப்புகள், 2 அடுக்குகள், 5 கணுக்கள். மூன்றாவதில் மறுபடி 5, 3, 8. கணக்கு இடிக்கிறது என்றால் ஏதோ ஒரு உடைப்பில் ஒரு பிள்ளை எங்கோ தொலைந்திருக்கிறது.

நடு எண் எது என்ற இந்தச் சண்டை தேர்வுத் தாளோடு முடிந்துவிடவில்லை. எண்கள் 1, 2, 3 என்று ஏறுவரிசையில் வருவதாக வைத்துக்கொள்வோம், ஆட்டோ-இன்கிரிமென்ட் ஐடி உள்ள டேபிளில் நடப்பது அதுதான். வருகிற ஒவ்வொரு எண்ணும் கடைசி இலைக்கே போகும், உடைபட்ட இடது இலைக்கு மறுபடி யாரும் வரப்போவதில்லை. நம் தாளில் இரண்டாவது எண்ணை ஏற்றினால் ஒவ்வொரு இடது இலையிலும் 1 எண் மட்டும் நிரந்தரமாகக் கிடக்கும், மூன்று இடங்களில் இரண்டு காலி. மூன்றாவது எண்ணை ஏற்றினால் 2 எண்கள் கிடக்கும், ஒரு இடம்தான் வீண். மூன்று எண் கொள்ளும் கணுவில் இது சில்லறை விஷயம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு கணு என்பது 8 கேபி பக்கம், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் வழக்கமாக 16 கேபி. ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கில் எண்கள் இருக்கும். அங்கே சரிபாதியாக உடைத்துக்கொண்டே போனால் இண்டெக்ஸில் பாதி காலியாகவே இருக்கும்.

அதனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் வலது ஓரத்து இலை உடையும்போது பாதியாக வெட்டுவதில்லை. இடது பக்கத்தை `fillfactor` அளவுக்கு, மாற்றாமல் விட்டால் 90 சதவீதம் வரை, நிறைத்து வைத்துவிட்டு மீதியைத்தான் வலப்பக்கம் தள்ளுகிறது. இன்னோடிபியில் எண்கள் வரிசையாக வந்தால் பக்கங்கள் பதினாறில் பதினைந்து பங்கு நிறைந்திருக்கும், தாறுமாறாக வந்தால் அது பாதி வரை இறங்கக்கூடும். நடு எண்ணை விட்டு வலப்பக்கம் தள்ளி உடைப்பது என்று தாளில் நாம் 42-ஐ ஏற்றியபோது செய்ததன் பெரிய வடிவம்தான் இது.